டி.வி. தலைப்புச் செய்திகள்: எண்ணிப் பார்ப்பதா, பிரித்துப் படிப்பதா?

கேள்வி: பேருந்து ஊழியர்களின் வேலைநிறுத்தத்தை மூன்று செய்தி சேனல்கள் எப்படித் தலைப்புச் செய்தியாக்கின என்பதுதான் என் முதுகலை ஆய்வேடு. வேலைநிறுத்தம் பதினோரு நாள் நடந்தது. சுமார் 600 தலைப்புகளைத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். கைடு உள்ளடக்கப் பகுப்பாய்வு செய்யச் சொல்கிறார். எனக்குச் சொல்லாடல் பகுப்பாய்வில்தான் விருப்பம். நான்கு மாதம் இருக்கிறது. எதை எடுப்பது? இரண்டையும் கலக்கலாமா?

பதில்:

உங்கள் நிலையில் நான் இருந்தால் உள்ளடக்கப் பகுப்பாய்வை, அதாவது தலைப்பில் இருப்பதை வகைப்படுத்தி எண்ணுவதை, முதுகெலும்பாக வைத்துக்கொண்டு, அதன் முடிவு காட்டித் தரும் பன்னிரண்டு பதினைந்து தலைப்புகளை மட்டும் சொல்லாடல் பகுப்பாய்வுக்கு, அதாவது சொல் சொல்லாக உற்றுப் படிப்பதற்கு, எடுப்பேன். 600 என்பது பெரிய எண்ணாக இருப்பது இதற்குக் காரணம் இல்லை. நீங்கள் மூன்று சேனல்களை ஒப்பிடப் போகிறீர்கள், அதுதான் காரணம்.

முறையைத் தேர்ந்தெடுக்க ஒரு எளிய வழி உண்டு. ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தில் எந்த வாக்கியத்தை எழுத ஆசைப்படுகிறீர்களோ, அதை இப்போதே ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ‘முதல் சேனல் மற்ற இரண்டைவிடக் குறைவாகவே வேலைநிறுத்தத்தின் காரணத்தைத் தலைப்பில் சொன்னது’ என்று எழுத வேண்டுமானால், எண்ணாமல் எழுத முடியாது. எத்தனை தலைப்பு, அதில் எத்தனை என்று பரிசோதகர் கேட்பார். ‘பேச்சுவார்த்தையை முறித்தவர் யார் என்பது தலைப்பின் வாக்கிய அமைப்பிலேயே மறைந்துபோகிறது’ என்று எழுத வேண்டுமானால், எவ்வளவு எண்ணினாலும் அந்த வாக்கியம் கிடைக்காது. நீங்கள் அனுப்பிய கேள்வியில் ‘எப்படி’ என்ற சொல்லும் இருக்கிறது, ‘மூன்று சேனல்கள்’ என்பதும் இருக்கிறது. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு மாலைச் செய்தியை எடுத்துக்கொள்வோம். மூன்றாம் நாள் பேச்சுவார்த்தை முடிவு எட்டாமல் கலைகிறது. மூன்று சேனல்களும் இப்படித் தலைப்பு வைக்கின்றன என்று வையுங்கள் (எல்லாம் என் கற்பனை).

முதல் சேனல்: ‘முடங்கியது பேருந்து சேவை... பிடிவாதம் தளருமா? பயணிகள் கடும் அவதி’

இரண்டாவது: ‘பேச்சுவார்த்தை முறிவு... மூன்றாவது நாளாக நீடிக்கும் வேலைநிறுத்தம்’

மூன்றாவது: ‘பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டது நிர்வாகம்... நிலுவைச் சம்பளம் கிடைக்கும்வரை போராட்டம் என ஊழியர்கள் அறிவிப்பு’

உள்ளடக்கப் பகுப்பாய்வு செய்பவர் இவை மூன்றிடமும் ஒரே கேள்விகளைக் கேட்பார். வேலைநிறுத்தத்தின் காரணம் தலைப்பில் இருக்கிறதா? மூன்றாவதில் மட்டும் இருக்கிறது. பயணிகளின் சிரமம் இருக்கிறதா? முதலாவதில் மட்டும். நிர்வாகம் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படுகிறதா? மூன்றாவதில் மட்டும். ஊழியர்கள்? அதுவும் மூன்றாவதில் மட்டும்தான். இதையே 600 தலைப்புகளுக்கும் செய்தால் ஓர் அட்டவணை வரும். ஒரு நாள் தலைப்பு தற்செயலாக அமைந்ததா, அல்லது அந்தச் சேனலின் வழக்கமே அதுதானா என்பதை அந்த அட்டவணை சொல்லும். வேறு எந்த முறையும் இதைச் சொல்லாது.

சொல்லாடல் பகுப்பாய்வு செய்பவர் முதல் தலைப்பிலேயே வெகுநேரம் நிற்பார். ‘பிடிவாதம் தளருமா?’ என்பதில் யாருடைய பிடிவாதம்? தலைப்பு சொல்லவில்லை. ஆனால் பேருந்து முடங்கியதற்கும் பயணிகள் அவதிக்கும் நடுவில் அந்தச் சொல் வைக்கப்பட்டிருப்பதால், பேருந்தை நிறுத்தியவர்களுடைய பிடிவாதம் என்றுதான் பார்ப்பவர் எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. அது கேள்வியாகவும் கேட்கப்படுகிறது. கேள்வி தளர்வதைப் பற்றியது. பிடிவாதம் இருக்கிறதா இல்லையா என்பது கேள்விக்கே வரவில்லை, அது முன்கூட்டியே ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டது. ‘முடங்கியது’ என்பதும் கவனிக்க வேண்டிய வினை. முடக்கினார்கள் என்றால் செய்தவர் வேண்டும். முடங்கியது என்றால் தானாக நடந்ததுபோல் ஆகிவிடும். தமிழில் இப்படி இணை இணையாக வினைகள் நிறைய: நின்றது – நிறுத்தினார்கள், முறிந்தது – முறித்தார்கள், கலைந்தது – கலைத்தார்கள். இரண்டாவது சேனல் இன்னும் ஒரு படி போய் வினையையே விட்டுவிட்டு ‘முறிவு’ என்று பெயர்ச்சொல்லாக்கிவிட்டது. முறிவுக்கு எழுவாய் தேவையில்லை. தலைப்பில் இடம் குறைவு என்பதால் எல்லாச் சேனல்களும் இதைச் செய்கின்றன, அதனால் ஒன்றிரண்டைப் பார்த்துவிட்டு ‘மறைக்கிறார்கள்’ என்று பாய்ந்துவிடக் கூடாது. யாருடைய செயல் பெயர்ச்சொல்லாகிறது, யாருடைய செயல் முழு வினையாக நிற்கிறது என்ற வேறுபாடுதான் பொருள் உள்ளது. அந்த வேறுபாட்டைக் காட்ட மறுபடியும் எண்ணிக்கைக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

இந்த வகை வாசிப்புக்குப் பழைய, நன்றாக அறியப்பட்ட உதாரணம் டோனி ட்ரூ செய்தது. 1975இல் அன்றைய ரொடீசியாவின், அதாவது இன்றைய ஜிம்பாப்வேயின், சாலிஸ்பரியில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் பலர் இறந்தபோது, இரண்டு பிரிட்டிஷ் நாளிதழ்கள் வைத்த தலைப்புகளை அருகருகே வைத்துப் பார்த்தார். ஒன்றில் ‘போலீஸ் சுட்டது’ என்ற செயல் முன்னால் நின்றது. மற்றதில் ‘கலவரம் செய்த கறுப்பர்கள்’ முதலில் வந்தார்கள், அவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதாகச் செயப்பாட்டு வினையில் வாக்கியம் போனது, போலீஸ் அதற்குப் பின்னால் வந்தது. 1979இல் வெளியான அந்த அலசல் இன்றும் பாடமாக இருப்பதற்குக் காரணம், அவர் இரண்டே தலைப்புகளை எடுத்து, அந்தச் செய்தி அடுத்தடுத்த நாட்களில் எப்படி உருமாறியது என்று தொடர்ந்து போனதுதான். 600 தலைப்புகளுக்கு அதைச் செய்ய முடியாது. செய்தேன் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் தலைப்புக்கொரு வரி எழுதியிருப்பார்கள். எதை எப்படி எண்ணுவது என்ற கேள்விகளையும் விதிகளையும் எழுதி வைப்பதுதான் கோட்புக். அது இல்லாத, சரிபார்ப்பும் இல்லாத உள்ளடக்கப் பகுப்பாய்வு அது, அவ்வளவுதான். சொல்லாடல் பகுப்பாய்வு என்ற பெயரில் வரும் ஆய்வேடுகளில் அடிக்கடி பார்க்கும் கோளாறு இது. அடையாளம் கண்டுபிடிப்பதும் சுலபம்: ‘பெரும்பாலான தலைப்புகளில்’, ‘அடிக்கடி’, ‘பொதுவாக’ என்ற சொற்கள் பக்கத்துக்குப் பக்கம் வரும், எங்கேயும் ஓர் எண் இருக்காது.

எண்ணும் பக்கத்திலும் அதேபோல ஒரு குழி இருக்கிறது, உங்கள் தலைப்பில் அதில் விழுவது மிகச் சுலபம். ‘தலைப்பு சார்பாக இருக்கிறதா? ஆதரவு / எதிர்ப்பு / நடுநிலை’ என்று கோட்புக்கில் ஒரு கட்டம் போட்டுவிடுவார்கள். 1952இல் ஊடக ஆய்வாளர் பெரல்சன் உள்ளடக்கப் பகுப்பாய்வை வரையறுத்தபோது வெளிப்படையான உள்ளடக்கம் என்று அழுத்திச் சொன்னது சும்மா இல்லை. சார்பு என்பது தலைப்பின் மேல் எழுதி ஒட்டியிருக்கும் ஒன்றல்ல. ‘முறிவு’ என்ற தலைப்பை ஒருவர் நடுநிலை என்பார், இன்னொருவர் நிர்வாகத்துக்கு ஆதரவு என்பார், இரண்டு பேரிடமும் நியாயம் இருக்கும்.

இது சரியாக வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள, இரண்டு பேர் ஒருவரையொருவர் கேட்காமல் ஒரே தலைப்புகளைக் கோடிங் செய்ய வேண்டும், அதாவது கோட்புக்கின் கேள்விகளுக்குத் தனித்தனியாகப் பதில் குறிக்க வேண்டும். இங்கே சதவீதத்தை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவீர்கள். ஒரு கணக்கைப் பார்க்கலாம். ‘ஊழியர்கள் மீது பழி போடுகிறதா?’ என்ற கேள்விக்கு 100 தலைப்புகள். 85இல் இருவருமே இல்லை என்கிறார்கள், 5இல் இருவருமே ஆம் என்கிறார்கள். மீதி 10இல் முரண்பாடு, ஆளுக்கு 5 முறை ஆம். ஒப்புமை 90 சதவீதம். பார்க்க அருமை. ஆனால் இருவரும் தலா 10 முறை ஆம், 90 முறை இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். தலைப்பைப் பார்க்காமலே இதே விகிதத்தில் குருட்டாம்போக்கில் சொல்லியிருந்தாலும் 0.9 × 0.9 + 0.1 × 0.1 = 0.82 அளவுக்கு ஒத்துப்போயிருக்கும். அந்தத் தற்செயலைக் கழித்துவிட்டுப் பார்ப்பதுதான் கோஹனின் கப்பா:

(0.90 − 0.82) / (1 − 0.82) = 0.44

தொண்ணூறு என்று நினைத்தது இவ்வளவுதான். இன்னொரு விதமாகச் சொன்னால், ஒருவராவது ‘ஆம்’ என்ற 15 தலைப்புகளில் 5இல் மட்டுமே இருவரும் சேர்ந்தார்கள். உங்கள் ஆய்வு முழுக்க அந்த ‘ஆம்’ பற்றியதுதானே! இதேபோல ஒப்புமையை அளக்கும் கிரிப்பன்டார்ஃபின் ஆல்ஃபாவைப் பயன்படுத்தினால் 0.80க்கு மேல் இருப்பது நல்லது, 0.667க்குக் கீழே போனால் அந்த மாறியை, அதாவது கோட்புக்கின் அந்தக் கேள்வியை, வைத்து முடிவு சொல்லக் கூடாது என்பது அவரே வைத்த வரம்பு. கப்பாவோ ஆல்ஃபாவோ, மாறி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கணக்கிட வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே சராசரி கொடுத்தால், சுலபமான மாறிகள் மோசமான மாறியை மூடி மறைத்துவிடும்.

கப்பா குறைந்தால் கோடிங் செய்தவரைத் திட்டிப் பயனில்லை, கேள்வியை உடைக்க வேண்டும். ‘சார்பு’ என்ற ஒரு கட்டத்துக்குப் பதிலாக, காரணம் தலைப்பில் உண்டா, விளைவு உண்டா, நிர்வாகம் ஏதாவது ஒரு வினைக்கு எழுவாயாக இருக்கிறதா, ஊழியர்கள் இருக்கிறார்களா, மதிப்பிடும் சொல் (பிடிவாதம், அராஜகம், உரிமை போன்றவை) யாருடைய வாயிலிருந்து வருகிறது என்று ஐந்து சின்னக் கேள்விகளாக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் தலைப்பில் விரல் வைத்துக் காட்டக்கூடிய பதில் இருக்கும். சார்பு பற்றிய பேச்சை அட்டவணை வந்த பிறகு, முடிவுரையில், உங்கள் பொறுப்பில் பேசுங்கள்.

அப்புறம், முறையைவிட முக்கியமான ஒன்று: நீங்கள் தட்டச்சு செய்து வைத்திருக்கும் அந்த 600 என்ன? டி.வி.யில் தலைப்பு என்பது ஒரே பொருள் அல்ல. செய்தி தொடக்கத்தில் வாசிப்பாளர் இசையோடு வாசிப்பது ஒன்று. அப்போது திரையின் கீழே வரும் எழுத்து இன்னொன்று. அடியில் ஓடிக்கொண்டே இருக்கும் வரி மூன்றாவது. பிறகு யூடியூபில் வீடியோவுக்கு வைக்கும் தலைப்பு, அதைப் பெரும்பாலும் வேறு ஆட்கள், வேறு நோக்கத்தோடு எழுதுகிறார்கள். இவற்றைக் கலந்து 600 என்று சொன்னால் இரண்டு முறைகளிலுமே ஆய்வு நிற்காது.

குரலும் எழுத்தும் எவ்வளவு விலகும் என்பதற்கு ஒரு மாதிரி. வாசிப்பாளர் வாசிக்கிறார்: ‘வேலைநிறுத்தம் சட்டவிரோதமானது என நிர்வாகம் தெரிவித்துள்ளது.’ அதே நொடியில் திரையில்: ‘சட்டவிரோத வேலைநிறுத்தம்... நிர்வாகம் எச்சரிக்கை.’ குரலில் அது நிர்வாகத்தின் கூற்று. ‘என’ என்ற ஒற்றைச் சொல் அதைத் தாங்கி நிற்கிறது. எழுத்தில் அந்த ‘என’ போய்விட்டது, ‘சட்டவிரோத’ என்பது பெயரடையாகி வேலைநிறுத்தத்தோடு ஒட்டிக்கொண்டது, இப்போது அதைச் சொல்வது சேனல். நீங்கள் எழுத்தை மட்டும் தட்டச்சு செய்திருந்தால் ஒரு முடிவு, குரலை மட்டும் என்றால் நேர் எதிர் முடிவு. ஆகவே குரலுக்கு ஒரு நெடுவரிசை, எழுத்துக்கு ஒரு நெடுவரிசை, அந்த நேரம் ஓடிய காட்சிக்கு ஒரு நெடுவரிசை என்று தாளைத் திரும்பப் போடுங்கள். வேலை அதிகம்தான், ஒரு மாதம் இதற்கே போகலாம். போகட்டும்.

அடுத்து, திரும்பத் திரும்ப வருபவை. காலை ஆறு மணிக்கு வைத்த தலைப்பே எட்டு மணிக்கும் வரும், ஒரு சொல் மாறி மதியமும் வரும். இவற்றைத் தனித்தனியாக எண்ணலாமா? பார்ப்பவர் கண்ணில் எது எவ்வளவு பட்டது என்பது உங்கள் கேள்வியானால் எண்ணலாம். செய்தி அறை எப்படிச் சொல் தேர்ந்தது என்பது கேள்வியானால் ஒரு தடவைதான் எண்ண வேண்டும், ஏனென்றால் முடிவெடுத்தது ஒரு தடவைதான். உங்கள் கேள்வி இரண்டாவது வகை. அப்படிச் சேர்த்தால் 600 பாதிக்கும் கீழே வந்து நிற்கலாம், ஆச்சரியப்பட வேண்டாம். சேர்க்காமல், சேனல்களுக்கு நடுவே உள்ள வேறுபாடு தற்செயலா என்று பார்க்கும் கை-ஸ்கொயர் சோதனை போட்டால் எல்லாமே ‘குறிப்பிடத்தக்க வேறுபாடு’ என்று வந்துவிடும். அந்தச் சோதனை ஒவ்வொரு தலைப்பும் தனித்தனி என்று நம்பிக்கொண்டு கணக்குப் போடுகிறது. அதே நேரம், ஒரு சொல் மாறிய இடங்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். காலையில் ‘முறித்துக்கொண்டது நிர்வாகம்’, மாலையில் ‘முறிவு’ என்று ஆகியிருந்தால், உங்கள் ஆய்வேட்டின் மிக நல்ல பக்கம் அதுவாகத்தான் இருக்கும்.

மாதிரி நாட்களைத் தேர்வது பற்றி யாராவது ‘கட்டமைத்த வாரம்’ (எல்லாத் திங்கட்கிழமைகளிலும் ஒன்று, எல்லாச் செவ்வாய்களிலும் ஒன்று என்று குலுக்கி எடுப்பது) என்று சொன்னால், அது நீண்ட காலத்து வழக்கமான செய்திகளுக்கு. உங்களுடையது பதினோரு நாள் நிகழ்வு. முதல் நாளும் பேச்சுவார்த்தை நாளும் ஒன்றுக்கொன்று மாற்றாக முடியாது. பதினோரு நாளையும் முழுதாக எடுங்கள்.

இனி கலப்பது பற்றி. கலக்கலாம், தொலைக்காட்சிச் செய்தி ஆய்வில் அதற்கு நல்ல முன்மாதிரியே உண்டு. கிளாஸ்கோ பல்கலைக்கழக ஊடகக் குழு 1975இல் பிரிட்டன் தொலைக்காட்சிச் செய்திகளைப் பதிவு செய்து, தொழில் தகராறுகளை அவை காட்டிய விதத்தை 1976இல் நூலாக வெளியிட்டது. எதற்கு எவ்வளவு இடம் தரப்பட்டது என்று எண்ணவும் செய்தார்கள், எந்தத் தரப்புக்கு எந்தச் சொல் என்று உற்றுப் பார்க்கவும் செய்தார்கள்.

ஆனால் கலப்பதில் வரிசை முக்கியம். எண்ணி முடித்த பிறகு, ‘சில சுவையான உதாரணங்கள்’ என்று மனதுக்குப் பிடித்த தலைப்புகளைப் பொறுக்கி ஒட்டினால் அது கலப்பு ஆகாது, அலங்காரம். எதை உற்றுப் படிப்பது என்பதை அட்டவணை சொல்ல வேண்டும். உதாரணத்துக்கு, முதல் சேனலில் காரணம் சொல்லும் தலைப்பு மிகக் குறைவு என்று வருகிறது. அப்படியானால் அந்தச் சேனலின் வழக்கமான தலைப்புகளில் மூன்று நான்கு, வழக்கத்தை மீறிக் காரணம் சொன்ன தலைப்புகளில் மூன்று நான்கு, அதே நேரத்தில் மற்ற இரண்டு சேனல்களில் வந்த இணைகள். இவ்வளவுதான் உங்கள் பன்னிரண்டு பதினைந்து. வழக்கத்தை மீறியவைதான் அதிகம் பேசும். எந்த நாளில், யார் பேசியதற்குப் பிறகு காரணம் தலைப்புக்குள் வந்தது என்று பாருங்கள்.

அந்தப் பதினைந்துக்கு இலக்கண வாசிப்பு மட்டும் போதாது. சொல்லாடல் ஆய்வாளர் ஃபேர்கிளஃப் பனுவல், அதன் உற்பத்தி, சமூகம் என்று சொல்லும் மூன்று தளங்களில் நடுத் தளம், அதாவது பனுவல் எப்படி உற்பத்தியாகிறது என்பது, மாணவர்கள் வழக்கமாகத் தாண்டிப் போகும் இடம். உங்களுக்கு அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது: நிர்வாகமும் தொழிற்சங்கமும் அன்றைக்கு வெளியிட்ட அறிக்கைகளைத் தேடி எடுத்துத் தலைப்புகளோடு பக்கத்தில் வையுங்கள். ‘சட்டவிரோத’ என்ற சொல் அறிக்கையில் இருந்து வந்ததா, செய்தி முகமையில் இருந்து வந்ததா, சேனலே போட்டதா? வந்த வழியில் மேற்கோள் குறி எங்கே விழுந்தது? இதைக் காட்டிவிட்டால் உங்கள் வாதம் வெறும் அபிப்பிராயமாக இராது. ஒரு வரம்பும் சொல்ல வேண்டும். இவ்வளவும் செய்தாலும் செய்தி ஆசிரியர் என்ன நினைத்தார் என்பதோ, பார்த்தவர் என்ன நம்பினார் என்பதோ தலைப்பில் இருந்து தெரியாது. முதலாவதற்குச் செய்தி அறையில் பேட்டி வேண்டும், இரண்டாவதற்குப் பார்வையாளர்களிடம் போக வேண்டும். ‘மக்களைத் திசைதிருப்புகிறது’ என்று ஒரு வரி எழுதினாலும் வாய்மொழித் தேர்வில் அதைத்தான் பிடிப்பார்கள்.

சொல்லாடல் பகுப்பாய்வு மட்டுமே செய்ய வேண்டும் என்று நீங்கள் நின்றால், சேனல் ஒப்பீட்டை விட்டுவிடுங்கள். பேச்சுவார்த்தை கலைந்த அந்த ஒரு நாளை, அல்லது வேலைநிறுத்தம் முடிந்த நாளை எடுத்து, காலை முதல் இரவு வரை தலைப்புகள் எப்படி மாறின என்று முப்பது நாற்பது தலைப்புகளில் ஆழமாகப் போங்கள். அது நல்ல ஆய்வேடாக அமையும். ஆனால் அதில் ‘இந்தச் சேனல் எப்போதும் இப்படித்தான்’ என்ற வாக்கியத்துக்கு இடமே கிடையாது. நீங்கள் இதுவரை சேகரித்ததில் பெரும்பகுதி பின்னிணைப்புக்குக்கூடப் போகாது.

கைடிடம் பேசப் போகும் முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். நாற்பது தலைப்புகளை எடுத்து, மேலே சொன்ன ஐந்து கேள்விகளை வைத்து நீங்களும் ஒரு நண்பரும் தனித்தனியாகக் கோடிங் செய்யுங்கள். பிறகு அதில் நான்கு தலைப்புகளை எடுத்து, ஒவ்வொன்றைப் பற்றியும் ஒரு முழுப் பக்கம் எழுத முடிகிறதா என்று பாருங்கள். முரண்பட்ட இடங்கள் எல்லாம் ஒரே ஒரு கேள்வியில் குவிந்தால் அந்தக் கேள்வியைத் திருத்தினால் போதும், எண்ணும் வழி திறந்திருக்கிறது. ஐந்திலும் பரவிக் கிடந்தால், நீங்கள் தேடுவது எண்ணிக்கையில் சிக்கும் பொருள் இல்லை என்று அர்த்தம், ஒரு நாள் ஆய்வுக்கே போய்விடுங்கள். பக்கம் எழுதுவதில் மூன்றாவது தலைப்புக்கே முதல் தலைப்புக்குச் சொன்னதைத் திரும்பச் சொல்கிறீர்கள் என்றால், அந்த ‘திரும்பச் சொன்னது’ எதுவோ அதைக் கோட்புக்கில் ஆறாவது கேள்வியாகச் சேர்த்துவிடலாம்.